பின்தொடர்பவர் வாங்குபவராகும் வழி: புனலைக் கீழிருந்து கட்டுவது

பென்சிலால் முகம் வரையக் கற்றுத்தரும் ஒருவரை வைத்துக்கொள்வோம். அவருடைய பக்கத்தை 20,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் நூற்றுக்கணக்கில் லைக் விழுகிறது, "எப்படி இவ்வளவு தத்ரூபமா வருது?" என்று கேள்விகள் குவிகின்றன. அந்தத் தைரியத்தில் ஆறு வார வகுப்பு ஒன்றை அறிவிக்கிறார். மூன்று பேர் சேர்கிறார்கள்.

வகுப்பு மோசம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. முதலில், ஒரு பதிவைப் பின்தொடர்பவர்கள் எல்லோரும் பார்ப்பதே இல்லை. யாருக்குக் காட்டுவது என்பதைத் தளம்தான் தீர்மானிக்கிறது. ஒரு பதிவு 3,000 பேர் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொண்டாலும், நேற்றைய பதிவைப் பார்த்த அதே 3,000 பேர் இன்றைய பதிவையும் பார்ப்பார்கள் என்ற உறுதி கிடையாது. சமூக ஊடகத்தின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்: அங்கே வரிசை இல்லை. ஒன்றைச் சொல்லி, அதன் மேல் இன்னொன்றைச் சொல்லி, ஒருவரைப் படிப்படியாக ஒரு முடிவுக்குக் கொண்டுவர முடியாது. ஆறு வார வகுப்பு போன்ற ஒன்றை வாங்க அந்தப் படிகள் தேவை.

இமெயில் தருவது அந்த வரிசையைத்தான். ஒருவர் முகவரி கொடுத்தால் அவருக்கு முதல் நாள் ஒன்று, மூன்றாம் நாள் அதன் தொடர்ச்சி, எட்டாம் நாள் வகுப்பைப் பற்றி என்று நாம் திட்டமிட்ட ஒழுங்கில் எழுதலாம். பின்தொடர்தல், பிறகு இமெயில் பதிவு, பிறகு வாங்குதல் என்ற இந்த மூன்று கட்ட அமைப்பைத்தான் ஃபனல், அதாவது புனல் என்கிறார்கள். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். புனலில் மேலே ஊற்றியது அத்தனையும் கீழே வந்துவிடும். இங்கே ஒவ்வொரு கட்டமும் சிலரை விட்டுச் சிலரை நிறுத்திக்கொள்கிறது. ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்த சல்லடைகள் என்று நினைத்தால் வேலை எளிதாகும். ஏனென்றால் அப்போது கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது: எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதைவிட, இந்தச் சல்லடை யாரை நிறுத்துகிறது என்பது முக்கியமாகிறது.

இலவசப் பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது

முகவரி கொடுப்பதற்குப் பதிலாக நாம் தரும் சிறிய இலவசப் பொருளை இந்தத் துறையில் லீட் மேக்னட் என்பார்கள். பெரும்பாலானோர் இதை மேலிருந்து யோசிக்கிறார்கள்: எதைக் கொடுத்தால் நிறையப் பேர் பதிவு செய்வார்கள்? நம் ஓவியருக்கும் அப்படி ஒரு யோசனை வருகிறது. உயர்தரப் பென்சில் பெட்டி ஒன்றைக் குலுக்கலில் தருவதாக அறிவித்தால் என்ன? அறிவிக்கிறார். இரண்டு மாதத்தில் 1,000 முகவரிகள். பிறகு வகுப்பைத் திறக்கும்போது அவர்களில் 4 பேர் வாங்குகிறார்கள்.

அடுத்த முறை வேறொன்று செய்கிறார். கண் வரைவதில் தொடங்குநர்கள் செய்யும் தவறுகளையும் அவற்றைத் திருத்தும் வழியையும் ஒரே பக்கத்தில் படங்களோடு தயாரித்துத் தருகிறார். அதே இரண்டு மாதத்தில் 300 முகவரிகள்தான் வருகின்றன. ஆனால் வாங்குபவர்கள் 9 பேர். இவை விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள். ஆனால் இந்த அமைப்பு, அதாவது பெரிய பட்டியல் குறைவாக வாங்குவதும் சின்னப் பட்டியல் அதிகமாக வாங்குவதும், இந்த வேலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது.

காரணம் எளிது. பென்சில் பெட்டியை விரும்பாதவர் யார்? வரையக் கற்க நினைப்பவரும் வருவார், பரிசு எங்கே கிடைத்தாலும் பெயர் கொடுப்பவரும் வருவார். அந்தச் சல்லடை எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. கண் பற்றிய பக்கமோ ஒரு கேள்வி கேட்கிறது: நீங்கள் வரைய உட்கார்ந்து, கண்ணில் சிக்கி நின்றவரா? அப்படிப்பட்டவர் மட்டுமே ஒரு பக்கப் பாடத்துக்காக முகவரி தருவார். வகுப்பை வாங்கப்போகிறவரும் அவரே.

அப்படியானால் இன்னும் தாராளமாக, முகம் வரைவது பற்றி 60 பக்கப் புத்தகமே இலவசமாகத் தரலாமே என்று தோன்றும். நானும் முன்பு அப்படித்தான் செய்தேன். நான் சொல்லிக்கொடுத்தது வேறு விஷயம். என் கையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திணித்துக் கொடுத்தேன். முகவரிகள் நன்றாகவே வந்தன, ஆனால் அதன் பிறகு யாரும் அசையவில்லை. சிலரிடம் எழுதிக் கேட்டபோதுதான் புரிந்தது: பதிவிறக்கி வைத்திருக்கிறார்கள், நேரம் கிடைக்கும்போது படிக்கப்போகிறார்கள், அதைப் படிக்காமல் இன்னொன்றை எதற்கு வாங்குவது என்று காத்திருக்கிறார்கள். பெரிய இலவசம், தேவை தீர்ந்துவிட்ட உணர்வைத் தந்துவிடுகிறது. தேவையோ தீர்ந்திருக்காது.

அதனால் தேர்வைக் கீழிருந்து தொடங்க வேண்டும். விற்கப்போகும் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்குவதற்குச் சற்று முன்பு ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார்? அவருக்கு எது தெரிந்திருக்கும், எது தெரிந்திருக்காது? நம் உதாரணத்தில், வகுப்பின் முதல் வாரம் முகத்தின் அளவுகளைப் பற்றியது. தலையின் உச்சிக்கும் முகவாய்க்கட்டைக்கும் ஏறக்குறைய நடுவில் கண்கள் இருக்கின்றன. புதிதாக வரைபவர்கள் நெற்றியை மறந்துவிட்டுக் கண்களை மேலே ஏற்றிவிடுவார்கள். இந்தப் பிரச்சினை தனக்கு இருப்பது ஒருவருக்கு எப்போது தெரியும்? கண்ணைத் தனியாக நன்றாக வரையக் கற்றபிறகுதான். அதுவரை "என் கண் சரியாக வரவில்லை" என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். இலவசப் பக்கத்தைப் பார்த்து, கண்ணின் வெண்மையை அப்படியே தாளின் வெள்ளையாக விடக் கூடாது, மேல் இமையின் நிழல் அதன் மேல் விழும் என்று தெரிந்துகொண்டு வரைகிறார். கண் நன்றாக வருகிறது. ஆனால் முகத்தில் வைத்தால் இன்னும் ஏதோ இடறுகிறது. அந்த "ஏதோ"தான் வகுப்பின் முதல் வாரம்.

நல்ல இலவசப் பொருளின் இலக்கணம் இதில் அடங்கியிருக்கிறது. அது ஒரு சின்ன வேலையை உண்மையாகவே முடித்துத் தர வேண்டும், ஒரே அமர்வில் பயன்படுத்திவிடக்கூடியதாக இருக்க வேண்டும், முடித்த கையோடு அடுத்த சிக்கலை அவரே கண்டுகொள்ளும்படி இருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு "மீதி வகுப்பில்" என்று சொல்வது இதில் சேராது. அது ஏமாற்று, படிப்பவர்களுக்கும் அது உடனே தெரிந்துவிடும்.

கீழிருந்து மேலே ஒரு கணக்கு

பொருளும் இலவசமும் முடிவானபின் எண்களைப் போட்டுப் பார்க்கலாம், இதையும் கடைசியிலிருந்தே. ஓவியருக்கு 30 மாணவர்கள் வேண்டும். கண் பக்கம் வழியாக வந்தவர்களில் 100க்கு 3 பேர் வாங்கினார்கள். அப்படியானால் 1,000 முகவரிகள் தேவை. பதிவுப் படிவம் இருக்கும் பக்கத்துக்கு வருபவர்களில் 100க்கு 40 பேர் முகவரி தருகிறார்கள் என்றால், 2,500 பேர் அந்தப் பக்கத்துக்கு வர வேண்டும். ஒரு பதிவை 3,000 பேர் பார்த்து, அதில் 100க்கு ஒருவர் அந்தப் பக்கத்துக்குப் போனால் ஒரு பதிவுக்கு 30 வருகைகள். 2,500ஐ 30ஆல் வகுத்தால் ஏறக்குறைய 83 பதிவுகள். வாரத்துக்கு மூன்று வீதம் 28 வாரம், அதாவது அரை வருடத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், மூன்று பதிவு போட்டுவிட்டு "இமெயில் எல்லாம் வேலைக்கு ஆகாது" என்று விட்டவர்கள் நிறைய. எண்கள் தவறில்லை, பொறுத்த காலம்தான் போதவில்லை.

சரி, 28 வாரத்தைக் குறைக்க எங்கே கை வைப்பது? நாலு எண்களும் ஒன்றோடொன்று பெருகுவதால், காகிதத்தில் எதை இரட்டிப்பாக்கினாலும் பலன் ஒன்றுதான். நடைமுறையில் அப்படி இல்லை. பக்கத்துக்கு வருபவர்களில் 40 பேர் பதிவு செய்வதை 80 ஆக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். வாங்குபவர்களை 3இலிருந்து 6 ஆக்க, வகுப்பையும் கடிதங்களையும் மாதக்கணக்கில் செம்மைப்படுத்த வேண்டும். ஆனால் 100க்கு ஒருவர் கிளிக் செய்வதை இரண்டு ஆக்குவது பெரும்பாலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. காரணம், அங்கே தடையாக இருப்பது விருப்பமின்மை அல்ல, வழி.

இன்ஸ்டாகிராமில் பதிவின் கீழே எழுதும் இணைப்பு கிளிக் ஆகாது. சுயவிவரப் பகுதியில் ஒரே ஒரு இணைப்புதான் என்றிருந்த நிலை 2023 ஏப்ரலில் ஐந்து வரை என்று மாறியது. யூடியூபில் அதே ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸ் விளக்கத்திலும் கருத்துகளிலும் இருக்கும் இணைப்புகள் செயல்படுவதில்லை. ஆக, பார்ப்பவர் பதிவை விட்டு வெளியே வந்து, சுயவிவரத்தைத் திறந்து, அங்கே சரியான இணைப்பைத் தேட வேண்டும். ஒவ்வொரு தட்டலிலும் சிலர் உதிர்வார்கள்.

இதற்குச் சிலர் கையாளும் வழி, கருத்தில் ஒரு சொல்லை எழுதச் சொல்வது. "கண் பக்கம் வேண்டுமென்றால் கீழே 'கண்' என்று எழுதுங்கள், அனுப்புகிறேன்" என்கிறார் ஓவியர். எழுதியவருக்குத் தனிச்செய்தியில் இணைப்பு போகிறது. கேட்டவருக்கே போவதால் திறக்கிறார்கள். 90 பேர் எழுதி 60 பேர் திறந்தாலே வருகை இரட்டிப்பு, 28 வாரம் 14 ஆகிறது. இதற்கு ஒரு எல்லை உண்டு: கேட்பது மிக எளிதாக இருப்பதால், சும்மா எழுதிப் பார்ப்பவர்களும் சேர்வார்கள், அடுத்த கட்டத்தில் 100க்கு 40 என்பது சற்று இறங்கும். எனவே ஒரு எண்ணை மட்டும் பார்த்து மகிழாமல், அதற்கு அடுத்த எண் என்ன ஆனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பதிவுப் படிவம் இருக்கும் பக்கத்தில் நடப்பது

பக்கத்தில் வேண்டியவை கொஞ்சமே. பதிவில் எந்த வார்த்தையில் வாக்குக் கொடுத்தோமோ அதே வார்த்தை தலைப்பில், அந்த ஒரு பக்கத்தின் சின்னப் படம், இமெயில் கட்டம் ஒன்று, பொத்தான் ஒன்று, இனி என்ன வரும் என்று ஒரு வரி. கைபேசி எண், ஊர், வயது எல்லாம் கேட்கக் கேட்க ஆள் குறையும். பதிவில் "கண்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தின் தலைப்பில் "கலைக் குடும்பத்தில் இணையுங்கள்" என்று எழுதியிருந்தால், வந்தவர் தப்பான இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுவார்.

பலர் கவனிக்காத ஒன்று, சமூக ஊடகச் செயலிக்குள் தட்டிய இணைப்பு பெரும்பாலும் அந்தச் செயலியின் உள் உலாவியிலேயே திறக்கிறது. கைபேசியின் வழக்கமான உலாவியில் சேமித்து வைத்திருக்கும் முகவரி அங்கே தானாக நிரம்பாமல் போகலாம். கையால் தட்டச்சு செய்யும்போது எழுத்துப் பிழை வரும். ஆகவே பக்கத்தைக் கணினியில் சோதித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். உங்கள் சொந்தப் பதிவிலிருந்து, கைபேசியில், செயலிக்குள்ளேயே தட்டி, கடைசி வரை போய்ப் பாருங்கள்.

பதிவு செய்தவரை உறுதிப்படுத்தச் சொல்லி இன்னொரு மெயில் அனுப்புவதா வேண்டாமா என்பது பழைய வாதம். அனுப்பினால் பிழையான, போலியான முகவரிகள் நின்றுபோகும். ஆனால் செயலியை விட்டு மெயிலுக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பதால் நல்லவர்களும் சிலர் வழியில் நின்றுவிடுவார்கள். என் கருத்து: பரிசு, விளம்பரம் வழியாக ஆள் சேர்த்தால் உறுதிப்படுத்தல் கட்டாயம் வேண்டும். ஒப்புதலுக்குச் சான்று கேட்கும் சட்டமுள்ள நாடுகளுக்கு எழுதுபவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு. மற்றபடி, இலவசப் பக்கத்தை, முகவரி கொடுத்ததும் தோன்றும் நன்றித் திரையில் காட்டாமல் மெயிலில் மட்டுமே அனுப்பினால் போதும். அதை எடுக்க அவர் மெயிலைத் திறந்து தட்டியாக வேண்டும், அந்தத் தட்டலே உறுதி.

எந்தப் பதிவிலிருந்து யார் வந்தார் என்பது தெரிய, இணைப்பின் வாலில் குறிச்சொற்கள் சேர்க்க வேண்டும்.

```
https://example.com/kan?utm_source=instagram&utm_medium=dm&utm_campaign=kan_pakkam
```

இதைப் பெரும்பாலான மெயில் சேவைகளில் படிவத்தோடு சேர்த்துச் சந்தாதாரரின் விவரத்திலேயே பதிந்துவைக்கலாம். அதைச் செய்யாவிட்டால், பரிசுக்காக வந்தவர்களும் கண் பக்கத்துக்காக வந்தவர்களும் ஒரே பட்டியலில் கலந்துபோவார்கள். 1,300 பேரில் 13 பேர் வாங்கினார்கள், 100க்கு ஒன்று என்ற பயனற்ற சராசரி மட்டுமே கையில் மிஞ்சும். 100க்கு 3 என்ற நல்ல செய்தி அதற்குள் புதைந்து கிடக்கும்.

முதல் பன்னிரண்டு நாட்கள்

பதிவு செய்த நிமிடத்தில்தான் ஒருவருக்கு நம் மேல் கவனம் அதிகம். அதனால் முதல் மெயில் உடனே போக வேண்டும். ஓவியரின் முதல் மெயிலில் இரண்டே விஷயங்கள்: கண் பக்கத்தின் இணைப்பு, அப்புறம் ஒரு கேள்வி. "முகம் வரையும்போது எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள்? ஒரு வரியில் பதில் எழுதுங்கள்." இந்தக் கேள்வி இந்த அமைப்பு முழுவதிலும் மிகவும் பயனுள்ள ஒரு வரி என்பேன். வரும் பதில்களில் மக்கள் தங்கள் சொந்த வார்த்தையில் சிக்கலைச் சொல்கிறார்கள்: "மூக்கு எப்போதும் தட்டையாகவே வருது", "போட்டோ மாதிரி இருக்கு, ஆனா அவங்க மாதிரி இல்ல". பிறகு வகுப்பை விளக்கும்போது ஓவியர் புதிதாக வார்த்தை தேட வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் மெயில், கண்ணின் வெண்மையைப் பற்றிய அந்த ஒரு தவறைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. விற்பனைப் பேச்சே இல்லை. நான்காம் நாள், கண் நன்றாக வந்தும் முகம் ஏன் ஒத்துவரவில்லை என்ற கேள்வி, தலையின் நடுக்கோடு, இரண்டு நிமிட வீடியோவுக்கு ஓர் இணைப்பு. அந்த இணைப்பைத் தட்டியவர்களை மெயில் சேவையில் தனியாகக் குறித்துவைக்கிறார். இவர்களுக்கு அடுத்த சிக்கல் புரிந்துவிட்டது. ஆறாம் நாள், ஒரு மாணவரின் முதல் படமும் ஆறு வாரம் கழித்த படமும், அவர் அனுமதியோடு. வகுப்பு என்று ஒன்று இருப்பது இங்கேதான் முதன்முதலில் சொல்லப்படுகிறது.

எட்டாம் நாள் வகுப்பு திறக்கிறது. இந்த மெயிலில் தயங்காமல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பாடம், கட்டணம் எவ்வளவு, யாருக்கு இது பொருந்தாது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். "வண்ணத்தில் வரைய விரும்புபவர்கள் இதில் சேர வேண்டாம்" என்ற ஒரு வரி, பணத்தைத் திரும்பக் கேட்டு வரும் கடிதங்களைக் குறைக்கும். பத்தாம் நாள், முதல் கேள்விக்கு வந்த பதில்களில் இருந்து எடுத்த சந்தேகங்களுக்கு விளக்கம். பன்னிரண்டாம் நாள், இன்றோடு சேர்க்கை முடிகிறது என்ற அறிவிப்பு.

அந்தக் கடைசி நாளுக்கு உண்மையான காரணம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரின் படத்தையும் ஓவியர் தன் கையாலேயே திருத்திக் கொடுக்கிறார், 30 பேருக்கு மேல் முடியாது: இது காரணம். பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும் கடிகாரம் காரணம் ஆகாது. ஒருமுறை அதைக் கண்டுபிடித்தவர் அதற்குப் பிறகு நாம் எழுதும் எந்தத் தேதியையும் நம்பமாட்டார்.

பன்னிரண்டு நாளில் வாங்காத, 100க்கு 97 பேரை என்ன செய்வது? வாரம் ஒரு கடிதம் என்ற சாதாரணப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு, அதே தரத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவருக்கு இந்த மாதம் தேர்வு, இன்னொருவருக்குக் கைக்குழந்தை. அடுத்த முறை வகுப்பு திறக்கும்போது அவர்களில் சிலர் வருவார்கள். இந்த இடத்தில் பொறுமையிழந்து தினமும் விற்பனைக் கடிதம் அனுப்பினால் என்ன நடக்கும் என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

ஸ்பேம் பெட்டி

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயில் அளவுக்கு அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் தங்கள் டொமைனில் வைத்திருக்க வேண்டும். விளம்பர மெயில்களில் ஒரே தட்டலில் விலகும் வசதியும் வேண்டும். சிறிய அளவில் அனுப்புபவர்களும் இவற்றைச் செய்துவிடுவது நல்லது. டிமார்க் என்பது டொமைன் அமைப்பில் `_dmarc` என்ற பெயரில் சேர்க்கும் ஒரு வரி. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்:

```
v=DMARC1; p=none; rua=mailto:reports@example.com
```

இதைவிட முக்கியமானது புகார் விகிதம். பெறுபவர்கள் "ஸ்பேம்" பொத்தானை அழுத்தும் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழே இருப்பதே நல்லது என்கிறது கூகுள். 0.3 என்பது 1,000 பேருக்கு 3 பேர். பென்சில் பெட்டிக்காகப் பெயர் கொடுத்த 1,000 பேரை இப்போது நினைத்துப் பாருங்கள். பரிசு வேறு யாருக்கோ போய்விட்டது, முன்பின் ஞாபகமில்லாத ஒருவரிடமிருந்து கண் வரைவது பற்றிக் கடிதம் வருகிறது. மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்துவது பெரிய விஷயமே இல்லை. அதன் விளைவு அவர்களோடு நிற்காது. அனுப்பும் டொமைனின் நற்பெயர் இறங்கி, ஆவலோடு காத்திருக்கும் 300 பேருக்குப் போகும் மெயிலும் ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கும். தவறான சல்லடையின் செலவு நல்ல பட்டியலின் கணக்கிலும் எழுதப்படுகிறது.

பெரிய அளவில் அனுப்பத் தொடங்கியபின் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் இந்த விகிதத்தைப் பார்க்கலாம். அளவு குறைவாக இருக்கும்போது அங்கே ஒன்றும் தெரியாது. அப்போது எளிய அறிகுறி, ஜிமெயில் முகவரிகளில் மட்டும் கிளிக் திடீரென்று குறைவது. மாதக்கணக்கில் ஒரு தட்டலோ பதிலோ இல்லாதவர்களுக்கு, "இன்னும் தொடரட்டுமா?" என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டு, பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை குறைவதைப் பார்க்க மனம் கேட்காது. ஆனாலும் செய்யுங்கள்.

எந்த எண்ணை நம்புவது

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற எண்ணை வைத்து முடிவெடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைக் காப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவர்களுக்கு, மெயிலில் உள்ள படங்களை ஆப்பிளின் சேவையகமே முன்கூட்டி எடுத்துவிடுகிறது. திறந்ததைக் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத படமும் அதில் அடக்கம். ஆகவே படிக்காதவரும் படித்ததாகக் கணக்கில் ஏறுகிறார். கிளிக்கிலும் கொஞ்சம் கலப்படம் உண்டு: சில அலுவலக மெயில்களில் பாதுகாப்பு மென்பொருள் எல்லா இணைப்புகளையும் தானே தட்டிப் பார்க்கும். மெயில் போன சில நொடிகளில், எல்லா இணைப்பிலும் ஒரே நேரத்தில் விழுந்த கிளிக் என்றால் அது மனிதர் இல்லை. பதில் கடிதமும் பணம் கட்டியதும்தான் கலப்படம் இல்லாத இரண்டு எண்கள்.

அடைப்பு எங்கே என்று தேடும்போதும் கீழிருந்து வாருங்கள். விற்பனைப் பக்கம் வரை பலர் வந்தும் யாரும் வாங்கவில்லையென்றால், சிக்கல் கட்டணம் கட்டும் இடத்திலோ வகுப்பின் விளக்கத்திலோ இருக்கிறது. மேலே இன்னும் ஆள் சேர்ப்பது வீண். விற்பனைப் பக்கத்துக்கே ஆள் வரவில்லை, ஆனால் இலவசப் பக்கத்தைத் தட்டி எடுத்திருக்கிறார்கள் என்றால், இலவசத்துக்கும் வகுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்த "ஏதோ இடறுகிறது" உணர்வு வரவில்லை. இலவசப் பக்கத்தையே யாரும் எடுக்கவில்லை என்றால் முதல் மெயில் தாமதமாகப் போகிறது, அல்லது ஸ்பேமில் கிடக்கிறது.

சின்ன எண்களில் அவசரமும் கூடாது. முதல் 100 பேரில் ஒருவரும் வாங்கவில்லை என்றால் மனம் உடைந்துபோகும். ஆனால் புள்ளியியலில் ஒரு சுருக்கமான விதி இருக்கிறது: n பேரில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், உண்மையான விகிதம் 3/n வரைகூட இருக்கலாம் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். 100 பேரில் பூஜ்யம் என்பது 100க்கு 3 என்ற விகிதத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகக்கூடியதே. 300 பேர் கடந்தும் பூஜ்யம் என்றால், விகிதம் 100க்கு ஒன்றைத் தாண்டுவது சந்தேகம், அப்போது இலவசத்தையோ வகுப்பையோ மாற்றத்தான் வேண்டும். ஓவியரின் கணக்கில் அந்த 300 பேர் சேர, வாரம் மூன்று பதிவில், எட்டு வாரத்துக்குச் சற்று மேலே ஆகும். அதுவரை முதல் மெயிலுக்கு வரும் பதில்களை ஒவ்வொன்றாகப் படித்து, தானே உட்கார்ந்து பதில் எழுதுவதுதான் அவருக்கு இருக்கும் சிறந்த வேலை.